குமரி மாவட்ட டைல் எண்கள்: எக்செல் சூத்திரமா, mercantile-ஆ, கியூஜிஐஎஸ்ஸா?

தக்கலையில் இருக்கும் என் தம்பி முறையுள்ள ஒருவர் குளங்களைக் கணக்கெடுக்கிறார். பேச்சிப்பாறைக்கு மேலே ஏறினால் போனில் சிக்னல் இருக்காது. அதனால் மாவட்டம் முழுவதற்கும் ஆஃப்லைன் வரைபடம் வேண்டும், அதில் அவர் வரைந்த குளங்களும் தெரிய வேண்டும். இப்படிப்பட்ட வரைபடம் சின்னச் சின்னச் சதுரப் படத்துண்டுகளாக வரும்; அவைதான் டைல்கள், ஒவ்வொன்றையும் அதன் எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுச் சர்வரிலிருந்து டைல்களை மொத்தமாக இறக்க அவர்களின் விதி இடம் தராது. ஆகவே எங்கள் கணினியிலேயே ஒரு டைல் சர்வரை ஓட்டி, அதிலிருந்து வேண்டிய டைல்களை மட்டும் இறக்கலாம் என்று முடிவு செய்தோம். முதல் முயற்சி முடிந்ததும் அவர் கூப்பிட்டார்: "அண்ணே, தெக்கே எல்லாம் கடலாட்டு கெடக்கு."

குமரி மாவட்டத்துக்கு டைல் எண் கணக்கிடுவதில் உள்ள தனிச் சிக்கல் இதுதான். வேறு ஊராக இருந்தால் எண் தவறியதும் வேறு ஊரின் தெரு வந்து நிற்கும், தவறு அப்போதே தெரிந்துவிடும். இங்கே எந்த வகையில் தவறினாலும் பெரும்பாலும் நீலம்தான் வருகிறது. முனையைச் சுற்றிக் கடல் இருப்பது இயல்பு என்பதால் சந்தேகமும் வராது. அதனால் எந்த வழி சுலபம் என்பதைவிட, தவறினால் எந்த வழி காட்டிக்கொடுக்கும் என்று பார்த்தே எக்செல் சூத்திரம், `mercantile` நூலகம், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் ஆகிய மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

முதலில் கணக்கு. ஜூம் z-இல் உலகம் பக்கத்துக்கு 2^z டைல்களாகப் பிரிகிறது. ஜூம் 14 என்றால் 16,384. நம் பகுதியில் அப்படி ஒரு டைல் ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர் அகலம். x எண் மேற்கிலிருந்து கிழக்கே கூடும், y எண் வடக்கிலிருந்து தெற்கே கூடும். எக்செலில் A2-இல் அட்சரேகை, B2-இல் தீர்க்கரேகை, C2-இல் ஜூம் இருந்தால் x, y சூத்திரங்கள் இவை:

```
=INT((B2+180)/360*2^C2)
=INT((1-ASINH(TAN(RADIANS(A2)))/PI())/2*2^C2)
```

விவேகானந்தர் பாறையைப் போட்டுப் பார்ப்போம். அட்சரேகை 8.0781, தீர்க்கரேகை 77.5553, ஜூம் 14. x 11721.63 என்று வருகிறது, முழு எண் 11721. y 7823.13, முழு எண் 7823. ஆக டைல் `14/11721/7823.png`. தசமப் பகுதியும் ஒரு சேதி சொல்கிறது: பாறை அந்த டைலின் மேல் விளிம்பை ஒட்டி இருக்கிறது. INT-ஐ எடுத்துவிட்டு ஒருமுறை பார்த்தால் இது தெரியும். எக்செல் வழியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இரண்டாவது சூத்திரத்தைப் பார்த்ததும் பலருக்கும் ஒரு ஆசை வரும். x-க்குச் செய்ததுபோலவே y-க்கும் 180-இலிருந்து அட்சரேகையைக் கழித்து 360-ஆல் வகுத்தால் போதாதா? நாங்கள் செய்ததும் அதைத்தான். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் அது கிட்டத்தட்ட சரியாகவே வரும், அதுதான் ஏமாற்றுகிறது. நாகர்கோவிலுக்கு 8.18 என்று வைத்துச் சோதித்தால் ஜூம் 10 முதல் 13 வரை இரண்டு சூத்திரங்களும் ஒரே y எண்ணைத் தருகின்றன. ஜூம் 14-இல்தான் பிரிகின்றன: சரியானது 7818, குறுக்குவழியில் 7819. பாறைக்கு 7823-க்குப் பதில் 7824 வரும், அது முழுக்கக் கடல். வித்தியாசம் 1.2 டைல், அதாவது தெற்கே சுமார் 3 கிலோமீட்டர். டெல்லியில் இதே குறுக்குவழி ஜூம் 14-இல் 50 டைலுக்கு மேல் தள்ளிப் போகும், யாரும் ஏமாற மாட்டார்கள். மெர்கேட்டர் வரைபடம் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகத்தான் செங்குத்தாக இழுபடுகிறது. அந்த இழுவையைச் சேர்ப்பதுதான் ASINH, TAN இரண்டின் வேலை.

எக்செலின் குறை இனிமேல்தான் வருகிறது. ஒரு புள்ளிக்கு அருமை, ஆனால் ஒரு பரப்பு முழுவதற்கும் பட்டியல் போடும்போது விளிம்புகளை நாமே பார்க்க வேண்டும். y தெற்கே கூடுவதால் வடக்கு எல்லைதான் சிறிய எண்ணைத் தரும். தெற்கு எல்லையின் எண்ணில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போனால் பட்டியல் தப்பாக வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. கடைசி வரிசையைச் சேர்க்க மறந்தாலும் பிழைச் செய்தி வராது. தெற்கு எல்லையை 8.07 என்று வைத்திருந்தால் அந்தக் கடைசி வரிசை 7823. அது விடுபட்டால் விவேகானந்தர் பாறையும் திருவள்ளுவர் சிலையும் வரைபடத்தில் இருக்காது.

இங்கேதான் `mercantile` முந்துகிறது. பைத்தானுக்கான சின்ன நூலகம் இது. `pip install mercantile` கொடுத்தால் வந்துவிடும். மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு என்ற வரிசையில் எல்லைகளைக் கொடுத்தால் விளிம்பு வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்:

```python
import mercantile

for t in mercantile.tiles(77.05, 8.05, 77.62, 8.60, [14]):
    print(t.z, t.x, t.y)
```

மாவட்டத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு நான் எடுத்த எல்லை இது. x 11698 முதல் 11724 வரை 27 நெடுவரிசை, y 7799 முதல் 7824 வரை 26 வரிசை, மொத்தம் 702 டைல். எக்செலில் நான்கு எல்லைகளைப் போட்டுப் பார்த்தாலும் இதே எண்கள்தான் வர வேண்டும்.

ஆனால் இது கொடுத்ததை அப்படியே நம்பும். நூலகம் தீர்க்கரேகையை முதலில் கேட்கிறது, நாமோ வழக்கமாக அட்சரேகையை முதலில் சொல்கிறோம். பாறைக்கு எண்களை மாற்றிப் போட்டால் x 8559 ஆகிறது, y 2400-ஐ ஒட்டி வருகிறது. இடம் ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே. அங்கேயும் கடல்தான்! இன்னொன்று, மாவட்டக் குறிப்புகளில் எல்லை பாகை, கலைக் கணக்கில் இருக்கும். கிழக்கு எல்லை 77°36' என்றால் அது 77.60. அதை 77.36 என்று அடித்துவிட்டால் தக்கலை வரும், நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் வெட்டுப்பட்டுப் போகும். கலையை 60-ஆல் வகுத்துக் கூட்டிய பிறகுதான் எந்த வழியிலும் இறங்க வேண்டும்.

மூன்றாவது வழியில் எண்ணே வேண்டாம். கியூஜிஐஎஸ்ஸின் செயலாக்கப் பெட்டியில் Generate XYZ tiles என்ற கருவி இருக்கிறது. பரப்பையும் ஜூம் அளவையும் குறித்தால் z, x, y என்ற அடுக்கில் கோப்புறைகளை உருவாக்கித் தந்துவிடும். சர்வரும் தேவையில்லை, இறக்க வேண்டியதும் இல்லை. குளங்களின் படலத்தை மேலே வைத்தே டைல் போடலாம். எல்லாவற்றையும் முதல் தடவை உருவாக்குவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன். பரப்பைக் கண்ணால் பார்த்து இழுத்துக் குறிப்பதால் அட்சம், தீர்க்கம் மாறுகிற பேச்சே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது y எண்ணின் திசை. டிஎம்எஸ் என்ற பழைய முறையில் y தெற்கிலிருந்து வடக்கே எண்ணப்படும். கியூஜிஐஎஸ்ஸில் அதற்கு ஒரு டிக் பெட்டி உண்டு. எல்லா டைல்களையும் ஒரே கோப்பில் அடைக்கும் எம்பிடைல்ஸ் கோப்புக்குள்ளும் y அந்த முறையில்தான் சேமிக்கப்படுகிறது. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக, 2^z - 1 என்பதிலிருந்து y-ஐக் கழித்தால் போதும். பாறைக்கு 16383 - 7823 = 8560. எம்பிடைல்ஸ் கோப்பைத் திறந்து 8560 என்று கண்டால் பதற வேண்டாம், அது சரி. அதே 8560 கோப்புறைப் பெயர்களில் இருந்து, உங்கள் செயலி சாதாரண முறையை எதிர்பார்த்தால், அது 8 டிகிரி தெற்கே இந்தியப் பெருங்கடலின் நடுவைக் கேட்கும். மறுபடியும் நீலம், அல்லது வெறும் வெள்ளை.

பிறகு திருத்தம் வரும்போது கியூஜிஐஎஸ் பின்தங்குகிறது. இரணியல் பக்கத்தில் ஒரு குளத்தின் கரையை மாற்றி வரைந்தால், எந்த டைல்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று அது பட்டியல் தராது. `mercantile`-க்கு அந்தக் குளத்தின் நான்கு எல்லைகளைக் கொடுத்தால் ஜூம் வாரியாக எண்கள் வந்துவிடும், அவற்றை மட்டும் மறுபடி இறக்கலாம். எங்களுக்குத் திருத்தம் வாரம் ஒருமுறை வருகிறது. அதனால் பட்டியலுக்கு `mercantile`, சரிபார்க்க எக்செல் என்று நின்றுவிட்டோம். வரைபடத்தை ஒரே தடவை போட்டு முடிப்பவர் என்றால் கியூஜிஐஎஸ்ஸே போதும்.

எந்த வழியில் போனாலும் இறக்குவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுகிறேன். ஒன்று, பாறையின் டைல் பட்டியலில் இருக்கிறதா, அதைத் திறந்தால் மேல் விளிம்பை ஒட்டிப் பாறை தெரிகிறதா என்று பார்ப்பது. மற்றது, உள்நாட்டில் ஓர் இடம். நாகர்கோவில் டைலான `14/11715/7818.png`-ஐத் திறந்து பார்ப்பேன், அங்கே நீலமாக இருக்க ஒரு நியாயமும் இல்லை. இறக்கிய பிறகு கோப்புகளை அளவுவாரியாக அடுக்கிப் பார்ப்பதும் உண்டு. வெறும் கடல் டைல்கள் எல்லாம் ஒரே பைட் அளவில் இருக்கும். எங்கள் முதல் முயற்சியில் தெற்கு வரிசைகளில் அப்படி ஒரே அளவுக் கோப்புகள் வேண்டியதைவிட அதிகமாகவும், வடக்கே மலை வரிசை ஒன்று குறைவாகவும் இருந்தன. குறுக்குவழியைக் கண்டுபிடித்தது அப்படித்தான்.

எவ்வளவு ஜூம் வரை போவது என்பதையும் இதே பட்டியல் தீர்த்துவைத்தது. 10 முதல் 14 வரை 988 டைல். 15 மட்டும் 2,703. 16 மட்டும் 10,710. தம்பிக்கு 16 தேவைப்படுவது அணைக்கு மேலே உள்ள காட்டுப் பகுதியில் மட்டும். ஆகவே பேச்சிப்பாறையைச் சுற்றி 77.27, 8.42, 77.36, 8.50 என்று சின்ன எல்லை கொடுத்தோம். 17 நெடுவரிசை, 16 வரிசை, 272 டைல். மாவட்டம் முழுவதற்கும் 15 வரையும், அணைப் பக்கம் 16-உம் சேர்த்து 3,963 டைல் அவருடைய போனில் இப்போது இருக்கின்றன.