இரண்டு கணக்கு: இணைப்பதா, தீர்த்துவிட்டு மூடுவதா?

கொழிஞ்சாம்பாறை அக்காவுக்கு ஒரே கடையில், வாங்கும் பொருளுக்குப் புள்ளி சேரும் இரண்டு கணக்கு. பொள்ளாச்சியில் இருந்தபோது கொடுத்த மொபைல் எண்ணில் 640 புள்ளி, கேரளா வந்து எடுத்த எண்ணில் 210.

புள்ளிகள்
இணைத்தால்: 850 ஆகச் சேரும். ஆனால் பழைய புள்ளிகளின் காலாவதித் தேதி அப்படியே தொடரலாம், முதலிலேயே கேளுங்கள்.
தீர்த்தால்: 640க்கும் இப்போதே பொருள். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே நிற்கும் மிச்சம் போய்விடும்.

ஆர்டர் வரலாறு
இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புள்ளியை மாற்றிக் கொடுக்கும் கடைகூட ஆர்டர்களைப் பெரும்பாலும் மாற்றித் தராது. பழைய கணக்கு மூடியதும் பில்லும் மறையும். மிக்ஸி வாரண்டிக்கு அந்தப் பில்தான் வேண்டும். எந்த வழியானாலும் பில்களை முதலில் பிடிஎஃப்பாக இறக்கிவிடுங்கள்.

வேலை
இணைக்க: எந்தக் கணக்கு நிற்க வேண்டும் என்று குறிப்பிட்டு, இரண்டு எண்களையும் எழுதி வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு எண்ணுக்கும் ஓடிபி கேட்கலாம். பழைய சிம் உயிரோடு இருக்கட்டும். இணைத்தபின் பிரிக்கச் சொன்னால் பொதுவாக நடக்காது.
தீர்க்க: ஒரு மளிகைப் பில் போதும்.

அமேசானில் இந்தக் கேள்வியே இல்லை, அவர்கள் கணக்குகளை இணைப்பதில்லை. தனித்தனியாகச் செலவழிக்க முடியாத சில்லறைப் புள்ளி இரண்டிலும் கிடந்தால் இணையுங்கள். அக்காவுக்கு 640ஐ அரிசி, எண்ணெயில் தீர்க்கச் சொல்லிவிட்டேன்.