மண்டபத்து உப்புக் காற்றில் பரு பேட்ச்: எந்தப் பருவுக்கு உதவும், எதற்கு உதவாது?

ராமேசுவரத்துக்கு அருகே உள்ள எங்கள் கடலோர ஊரான மண்டபத்தில் ஆண்டின் பெரும்பகுதி முகம் பிசுபிசுத்தே இருக்கும். தாடையோரம் பரு வரும் வாகு எனக்கு உண்டு. ஓராண்டுக்கும் மேலாகப் பரு பேட்ச் பயன்படுத்தி வருகிறேன். சில பருக்களில் இது அருமையாக வேலை செய்கிறது, சிலவற்றில் ஒன்றுமே செய்வதில்லை. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சமாகும்.

பேட்ச் செய்யப்படும் பொருள் ஹைட்ரோகொலாய்டு. புண்களுக்கும் படுக்கைப் புண்களுக்கும் மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகளாக ஒட்டும் அதே வகைக் கட்டுதான், மெல்லியதாக்கி வட்டமாக வெட்டப்பட்டிருக்கிறது. வெளிப்பக்கம் நீர் புகாத மெல்லிய படலம். தோலைத் தொடும் பக்கத்தில் பிசினோடு கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் துகள்கள் கலந்திருக்கும். சிலவற்றில் பெக்டினும் ஜெலட்டினும் சேரும். ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுக்கப்படுவது என்பதால், அதைத் தவிர்ப்பவர்கள் அட்டையில் உள்ள பொருள் பட்டியலைப் பார்த்து வாங்க வேண்டும்.

அந்தத் துகள்களுக்கு நீர் என்றால் அவ்வளவு ஈர்ப்பு. கசியும் நீரை உறிஞ்சி, உப்பி, கூழாக மாறிவிடும். காலையில் பேட்சின் நடுவில் தெரியும் வெள்ளைப் புள்ளி, பருவின் நீரைக் குடித்து உப்பிய கூழ். அதில் சீழும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் வெள்ளை முழுவதும் சீழ் அல்ல. பேட்ச் தோலைத் துளைத்து எதையும் இழுப்பதும் இல்லை. வெளியே வர வழியுள்ள நீரை மட்டுமே அது வாங்கிக்கொள்ளும்.

அதனால் பருவுக்கு வாய் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சென்ற கோடையில் தாடையில் வந்த ஒரு பருவைச் சொல்கிறேன். முதல் நாள் சிவந்த மேடு, தொட்டால் வலி, முனை இல்லை. அன்று ஒட்டவில்லை. மறுநாள் மாலை மஞ்சள் முனை மேலே வந்து, மேல்தோல் காகிதம் போல் மெலிந்திருந்தது. குளித்து, மின்விசிறியின் கீழ் வியர்வை அடங்கும் வரை உட்கார்ந்து, அந்த இடத்தில் எண்ணெயோ கிரீமோ படாமல் பேட்சை ஒட்டி, விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தேன். ஈரத்தில் ஊறிய மெல்லிய தோல் இரவில் தானே திறந்துகொண்டது. காலையில் நடுவில் மிளகளவு வெண்மேடு, சுற்றிலும் பேட்ச் தெளிவாக இருந்தது. பரு தட்டையாகிவிட்டது, சிவப்பு மட்டும் பாக்கி. கசிவு நிற்கவில்லை என்று தோன்றியதால் புதிதாக ஒன்று ஒட்டினேன். அடுத்ததில் வெள்ளை வரவில்லை, அத்தோடு நிறுத்திவிட்டேன். பொருக்குக் கட்டாமல் ஈரப்பதத்தில் ஆறுவதும், கை போய்க் கிள்ளாமல் இருப்பதும் இதன் பெரிய நன்மைகள் என்பேன்.

எங்கள் கடற்கரையில் பேட்சை நம்புவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வியர்வையும் நீர்தான். பாம்பன் மீன் ஏலத்துக்குப் பகலில் பேட்சோடு போய்வந்த என் நாத்தனார் மகள், “அத்தை, முழுவதும் வெள்ளையாகிவிட்டது, எல்லாச் சீழும் வந்துவிட்டதா?” என்று மகிழ்ச்சியோடு காட்டினாள். எடுத்துப் பார்த்தால் பரு அப்படியே இருந்தது. பருவின் நீர் என்றால் வெண்மை நடுவில், முனைக்கு நேராக, புடைத்து நிற்கும். வியர்வை என்றால் ஓரத்திலிருந்து மங்கலாகப் பரவும், விளிம்பும் சுருண்டுகொள்ளும். சுருண்ட விளிம்பில் தூசியும் உப்பும் ஒட்டும், அதைத் தொடர்ந்து வைத்திருப்பதில் பயனில்லை. ஆகவே நான் இரவில் மட்டுமே ஒட்டுகிறேன். எடுக்கும்போது வெதுவெதுப்பான நீரால் நனைத்து, தோலை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் மெல்ல உரிப்பேன். வெடுக்கென்று இழுத்தால் ஈரத்தில் ஊறிய தோல் கிழியும்.

கரும்புள்ளிக்கு இது வீண். அடைப்பு கெட்டியான கொழுப்பும் இறந்த தோல் செல்களும் சேர்ந்தது, உறிஞ்ச நீர் இல்லை. தோலுக்கடியில் கோலிக்குண்டு போல உருளும், வலிக்கும் கட்டிப் பருவுக்கும் இது எட்டாது. சீழ் ஆழத்தில் இருக்கிறது, மேலே வர வழியில்லை. சாலிசிலிக் அமிலம் தடவிய பேட்சுகளும் விற்கிறார்கள். அவை சிறு அடைப்புகளுக்கு ஓரளவு உதவலாம், ஆழக் கட்டியைக் கரைக்காது. அத்தகைய கட்டிகள் தழும்பை விட்டுச் செல்லும் என்பதால் தோல் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

இன்னொன்றையும் இந்தப் பகுதியில் அடிக்கடி காண்கிறேன். நெற்றி, மார்பு, முதுகில் ஒரே அளவில் சிறுசிறு கொப்புளங்கள் கொத்தாக வந்து அரிக்கும். பருவைப் போலவே தெரிந்தாலும், வியர்வையில் பெருகும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையால் மயிர்க்கால்கள் வீங்குவதாக இருக்கலாம். அதன்மேல் காற்றுப் புகாத பேட்சை ஒட்டினால் ஈரம் தேங்கி நிலைமை மோசமாகலாம். அரிப்பு இருக்கிறதா, எல்லாம் ஒரே அளவா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் பேட்சைத் தொடாதீர்கள், பூஞ்சைக்கான மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.