எங்கள் டியூஷன் இன்பொக்ஸில் 18 மாதம் ஓடிய பதில் வரைவுக் கருவி

ஹட்டனில் சின்னதாக ஒரு டியூஷன் வகுப்பு நடத்துகிறேன். கணிதமும் விஞ்ஞானமும், சாதாரண தரம் வரை. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டாரின் கேள்விகள் எஸ்எம்எஸ்ஸிலும் வாட்ஸ்அப்பிலும் மெசஞ்சரிலும் மாறி மாறி வரும். மூன்றையும் ஒரே பெட்டியில் காட்டும் சேவை ஒன்றுக்கு மாறினேன். அதோடு ஒரு ஏஐ வரைவுக் கருவியும் வந்தது. வந்த மெசேஜைப் படித்துப் பதிலை எழுதி வைக்கும். நான் பார்த்துவிட்டு ‘அனுப்பு’ அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

எழுதுபவரின் நடையிலேயே பதில் தருவதுதான் இதன் பெருமை என்றார்கள். அது பொய்யில்லை. ஒரு பையன் `sir paper mark 👀` என்று கேட்டால், ஒரே வரியில் மதிப்பெண்ணும் ஒரு இமோஜிப் படமும் வரும். ‘மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு’ என்று தொடங்கும் ஒரு தாத்தாவுக்கு முழு வாக்கியங்களில், வணக்கத்தோடு பதில் வரும். படம் போடாதவருக்கு இதுவாகப் படம் போடாது. நான் கையால் எழுதிய காலத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி ‘சரி’ என்று போட்டுவிட்டு, கோபமா சேர் என்று கேட்க வைத்ததுண்டு. அந்தக் குறை போனது.

முதல் இரண்டு மாதம் நிம்மதி. மூன்றாம் மாதம் எஸ்எம்எஸ் கணக்கைப் பார்த்தேன். மெசேஜ்களின் எண்ணிக்கை கூடவில்லை, கட்டணம் மட்டும் கூடியிருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் இதைக் கண்டேன். நோர்வூட் பக்கத்து அம்மா ஒருவர் பட்டன் போனிலிருந்து கேட்டிருக்கிறார்:

```
sir nalaiku class iruka :)
```

போன பதில் இது:

```
Ama nalaiku class iruku. Kalai 8 mani. Maths matum. Paper 2 kondu vara solunga. 🙂
```

பார்க்க அழகான பதில். அவரைப் போலவே ஆங்கில எழுத்தில் தமிழ், அவரைப் போலவே ஒரு சிரிப்பு. ஆனால் அவர் போட்டது இரண்டு சாதாரண நிறுத்தக் குறிகள். கருவி அதைப் படமாக மாற்றிவிட்டது. சாதாரண ஆங்கில எழுத்தில் மட்டும் இருந்தால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து போகும். அந்த எழுத்துத் தொகுதிக்குள் அடங்காத ஒரே ஒரு குறி வந்தாலும் முழு மெசேஜும் யூனிகோட் முறைக்கு மாறும். அப்போது எல்லை 70. மேலே உள்ள பதிலில் படத்தை எடுத்தால் 79 எழுத்து, ஒரே மெசேஜ். படத்தோடு, அதற்கு முன் ஒரு இடைவெளியையும் சேர்த்தால் 82, ஏனென்றால் அந்தப் படம் ஒன்றே இரண்டு எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். 70-ஐத் தாண்டியதால் இரண்டு துண்டாகப் போய், இரண்டு மெசேஜுக்குக் காசு வெட்டியது. அந்த அம்மாவின் திரையில் தெரிந்ததோ ஒரு வெற்றுக் கட்டம். ‘கடைசியில ஏதோ பெட்டி வந்திருக்கு சேர், வகுப்பு இல்லையா?’ என்று அவர் போன் எடுத்துக் கேட்டதற்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

இதற்கு நேர் எதிரானதும் நடந்தது. அந்த மதிப்பிற்குரிய தாத்தா எழுதுவது வாட்ஸ்அப்பில். நீளமாக, பந்தி பிரித்து, கடிதம் மாதிரி எழுதுவார். கருவி அதை மின்னஞ்சல் என்றே எடுத்துக்கொண்டதோ என்னவோ, தவணைக் கட்டண விளக்கத்தைத் தலைப்பு, தடித்த எழுத்து எல்லாம் போட்டுத் தயாரித்தது. நானும் சரியாகப் பார்க்காமல் அழுத்திவிட்டேன். அவருக்குப் போய்ச் சேர்ந்தபோது தலைப்புக்கு முன்னால் `##` அப்படியே நின்றது. ‘இதென்ன தம்பி, வேலி போட்டு வச்சிருக்கீங்க?’ என்றார்.

இரண்டிலும் தவறு ஒன்றுதான். எழுதும் விதத்தைப் பார்த்து, எழுதியவர் எப்படிப் பேச விரும்புகிறார் என்று ஊகித்தது சரி. அதிலிருந்தே அவர் கையில் இருப்பது எந்தத் திரை, எந்த வழி என்றும் முடிவு கட்டியது தவறு. சிரிப்புக் குறி இருந்தால் வாட்ஸ்அப், நீளமாக இருந்தால் மின்னஞ்சல் என்பதெல்லாம் சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது. அமைப்புப் பக்கத்தைத் துருவிப் பார்த்தேன். பெட்டிக்கு எந்த வழியாக மெசேஜ் வந்தது என்பது தெரியும். ஆனால் கருவிக்குப் போனது உரை மட்டும். தெரிந்த தகவலைக் கொடுக்காமல் ஊகிக்க விட்டிருக்கிறார்கள்! அதன் பிறகு எஸ்எம்எஸ்ஸுக்கான குறிப்பில் இதைச் சேர்த்தேன்:

```
channel: sms
emoji: no
formatting: none
```

வாட்ஸ்அப்புக்குத் தனியாக ஒன்று எழுதினேன்: தலைப்பு வேண்டாம், தடித்த எழுத்துக்கு ஒற்றை நட்சத்திரம். நடையைப் பின்பற்றும் வேலையை நிறுத்தவில்லை. எஸ்எம்எஸ்ஸில் குறும்பாகக் கேட்டவருக்கு இன்றும் குறும்பாகத்தான் பதில் போகிறது, படம் மட்டும் இல்லை.

மரியாதை விஷயம் வேறு மாதிரி. நீளத்தையும் படத்தையும் திருப்பிக் கொடுக்கலாம், மரியாதையை அப்படியே திருப்ப முடியாது. ஒரு மாணவியின் அப்பா, என்னைவிட இருபது வயது மூத்தவர், ‘தம்பி நாளைக்கு வாரியா?’ என்று எழுதினார். கருவி அந்தத் தொனியைப் பிடித்து, ‘வாரேன், நீ பிள்ளைய அனுப்பு’ என்று வரைந்து வைத்திருந்தது. நல்ல வேளை, அனுப்பவில்லை. அவர் என்னை நீ என்பது உரிமை. நான் அவரை நீ என்றால் அடுத்த நாள் பிள்ளை வராது. நம் ஊரில் வயதும் உறவும்தான் இதைத் தீர்மானிக்கும், எதிரில் இருப்பவரின் வாக்கியம் அல்ல. ‘பெற்றோர் எப்படி எழுதினாலும் நீங்கள்’ என்று ஒரு வரியைச் சேர்த்ததோடு அது தீர்ந்தது.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. இங்கே பல வீட்டில் எழுதுபவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர். கொழும்பில் வேலை செய்யும் ஒரு அக்கா, தம்பியின் வகுப்பைப் பற்றி மெசஞ்சரில் பூவும் இதயமுமாக எழுதுவாள். கடைசி வரியில் ‘பதில அம்மா நம்பருக்குப் போடுங்க சேர்’ என்பாள். அந்த அம்மாவுடையது தோட்டத்தில் உள்ள பட்டன் போன். மெசேஜ் வந்த வழியைக் கருவிக்குச் சொன்னாலும் இங்கே உதவாது, பதில் போகும் வழி வேறு. வரைவு மகளுக்கேற்ற மாதிரி இருக்கும், போய்ச் சேர்வது அம்மாவிடம். அதனால் இப்படிப்பட்ட வீடுகளின் தொடர்பு அட்டையில் கையால் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறேன்: ‘பட்டன் போன், படம் வேண்டாம்.’ 18 மாதத்தில் பதினொரு வீட்டுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்.

போன மாதம் அந்த அம்மாவின் நம்பரிலிருந்து, தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் நேரத்தில், வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப் பூ வந்தது. குறிப்பை உடனே அழிக்கவில்லை. மாலையில் போன் போட்டு, ‘அம்மா, புதுப் போனா, இல்ல மகள் லீவுல வந்திருக்காவா?’ என்று கேட்டேன். மகள்தான் வந்திருந்தாள்.