நாட்டுக்கோழி முட்டையா, பண்ணை முட்டையா?

நாமக்கல் பண்ணைகளில் கூண்டுகளில் வளரும் கோழிகள் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த தீவனத்தைத் தின்று ஆண்டுக்கு முந்நூறு முட்டைகள் வரை இடுகின்றன. புழக்கடையில் மேயும் நாட்டுக்கோழி இடுவதோ பெரும்பாலும் நூறுக்கும் குறைவு. விலை வேறுபாட்டின் முதன்மைக் காரணம் இதுவே.

பண்ணை முட்டை சுமார் 55 கிராம், நாட்டு முட்டை சுமார் 40 கிராம் எடையுள்ளது. முன்னது 6 ரூபாய், பின்னது 15 ரூபாய் என்று கொண்டால், நூறு கிராமுக்கு முறையே ஏறத்தாழ 11 ரூபாயும் 37 ரூபாயும் ஆகின்றன; புரதத்தின் அளவில் இவ்வளவு இடைவெளி இல்லை.

ஓட்டின் நிறம் கோழியினத்தைப் பொறுத்தது என்பதால், கூண்டில் வளரும் கலப்பினக் கோழியின் பழுப்பு முட்டையும் ‘நாட்டு முட்டை’ என்ற பெயரில் விலைபோகிறது. பெரிதாகவும் ஒரே அளவிலும் அடுக்கப்பட்டிருந்தால் ஐயுறலாம். மஞ்சள் கருவின் அடர்நிறமும் சான்றாகாது; தீவனத்தில் செண்டுமல்லிச் சாறு சேர்த்தாலே அது வந்துவிடும்.

‘ஒமேகா-3’ முட்டையில் மாற்றம் உண்மையானது, ஏனெனில் தீவனத்தில் சேர்க்கும் ஆளிவிதையின் கொழுப்பு கருவில் படிகிறது. எனினும் ஒரு முட்டைக்கு எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் குறிப்பிடாததற்குக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. அன்றாடச் சமையலுக்குப் பண்ணை முட்டையையே நான் வாங்குகிறேன். நாட்டு முட்டையை, கோழி மேய்வதைக் கண்ணால் காணும் வீட்டில் மட்டுமே வாங்குகிறேன்.