சட்டையை மாற்றக் கொடுத்தோம், முகத்தையும் மாற்றிவிட்டார்கள்

இறந்துபோன பெரியவர்களின் பழைய படத்தில் சட்டையை மட்டும் மாற்றி, நினைவுப் படமாகச் செய்து வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

தாத்தாவின் படங்களில் முகம் தெளிவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதில் வெளுத்து, கழுத்துப்பட்டை நைந்த சட்டை போட்டிருக்கிறார். அதை எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டையும் கோட்டும் போட்டுத் தரும்படி ஒரு ஸ்டூடியோவில் கேட்டோம். முழுத் தொகையையும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். அச்சிடுவதற்கு முன் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, "எங்களுக்குத் தெரியாதா சார்?" என்று பதில் வந்தது. எச்சரிக்கை மணி அங்கேயே அடித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

சட்டமிட்ட படத்தை வீட்டில் பிரித்ததும் அத்தை, "இது அண்ணன் மாதிரி இருக்கிறது, அப்பா மாதிரி இல்லையே" என்றார். யாருக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்துக்குப் போயிருந்தது. தலைவகிடும் பக்கம் மாறியிருந்தது. முகத்தையே இடவலமாகத் திருப்பிவிட்டார்கள்!

ஏன் என்று பிறகு விளங்கியது. இத்தகைய கடைகள் பலவற்றில் கோட்டும் சட்டையும் தயார் படங்களாகவே இருக்கும். தலையை வெட்டி அதன்மேல் வைப்பதுதான் வேலை. தாத்தாவின் முகத்தில் வெளிச்சம் படத்தின் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. அவர்களிடம் இருந்த கோட்டில் வலப்பக்கத்திலிருந்து. கோட்டைத் திருப்பினால் பொத்தான்கள் பெண்கள் உடையில் இருப்பதுபோல் மறுபக்கம் போய்விடும், பார்ப்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். முகத்தைத் திருப்பினால் தெரியாது என்று நினைத்திருக்கிறார்கள். எந்த மனித முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கண்ணாடியில் அந்தத் திரும்பிய முகத்தைப் பார்த்துப் பழகியவர் தாத்தா ஒருவர்தான். நாங்கள் யாரும் அல்ல.

கழுத்துக் கதை தனி. பழைய படத்தில் தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது, தோளும் அதற்கேற்ப இறங்கியிருக்கிறது. புதிய கோட்டின் தோள்களோ அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தன. மோவாயின் நிழல் கழுத்தில் பாதிவரை வந்து, சட்டைப் பட்டியின் ஓரத்தில் கத்தரித்ததுபோல் நின்றுவிட்டது. போதாக்குறைக்கு, சட்டையைப் பளீரென்ற வெள்ளையாக வைத்ததால் முகம் இருண்டு தெரிந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய முகத்தை வெளுத்து, சுருக்கங்களையும் வழித்தெடுத்துவிட்டார்கள். கோட்டின் நூலிழைவரை தெரிகிறது; முகம் மெழுகுபோல் இருக்கிறது.

திருத்தித் தரச் சொன்னோம். முகமும் கோட்டும் தனித்தனி அடுக்குகளாக இருந்த கோப்பைச் சேமிக்கவில்லை, அச்சிட்ட JPEG மட்டும்தான் இருக்கிறது, முதலிலிருந்து செய்ய வேண்டும், அதற்கு மறுபடியும் முழுத் தொகை என்றார்கள். ஆக, அவர்கள் செய்த தவறுக்கு நாங்கள் இரண்டாவது முறை காசு கொடுக்க வேண்டுமாம்.

வேறொருவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது மூலப் படத்தை. கைபேசியில் எடுத்த நகலைத் தொடவே மறுத்தார். படத்தில் தாத்தாவின் முகம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உயரம்தான். அதை 1200 dpi, அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் முகத்தின் உயரத்துக்குச் சுமார் 945 புள்ளிகள் கிடைக்கும், 600 என்றால் அதில் பாதிதான் என்று கணக்குக் காட்டினார். பிறகு தயார் கோட்டுப் படங்களைத் திறக்கவே இல்லை. "ஐயாவின் உடல்வாகு உள்ளவர் வீட்டில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

சித்தப்பாவுக்கு அப்படியே தாத்தாவின் தோள். வெள்ளைச் சட்டையும் கோட்டும் போட்டு, படத்தின் இடப்பக்கம் ஜன்னல் வரும்படி உட்காரவைத்து, தலையைத் தாத்தா சாய்த்த அளவுக்கே சாய்க்கச் சொல்லி, அதே உயரத்திலிருந்து படமெடுத்தார். அந்த உடையைத்தான் தாத்தாவின் கழுத்துக்குக் கீழே பொருத்தினார். மூலத்தில் இருந்த கழுத்தை முடிந்தவரை அப்படியே விட்டு, மோவாய் நிழலைப் பட்டியின்மேலும் நீட்டினார். வெள்ளையைச் சற்றே மங்கலாக்கி, பழைய படத்தின் லேசான மஞ்சளை அதிலும் சேர்த்தார். கடைசியாகக் கோட்டின் கூர்மையைக் குறைத்து, முகத்தில் இருக்கும் அதே மணல்பொடிபோன்ற துகளை அதன்மேல் தூவினார். முகத்தில் கைவைத்தது ஒரு கீறலை அழிக்க மட்டும்தான்.

அச்சுக்கு முன் திரையில் காட்டினார். மூலத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மச்சம், வகிடு, மூக்கு நிழல் விழும் பக்கம், பட்டியின் நிழல் விழும் பக்கம் என ஒவ்வொன்றாக அத்தை சரிபார்த்தார். ஒப்புதல் சொன்ன பிறகே அச்சு. அடுக்குகளோடு கூடிய PSD கோப்பையும் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் ஸ்டூடியோ பணத்தைத் திருப்பித் தரவில்லை. "முகம் அழகாகத்தானே இருக்கிறது" என்பதுதான் இன்றுவரை அவர்கள் சொல்லும் பதில்.