செட்பாயிண்ட் வெயிட் உள்ள பிஐடி கன்ட்ரோலர்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

இந்த கன்ட்ரோலரின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

என்னுடையது சூடேற்றும் அறை. 60 டிகிரியிலிருந்து 80-க்கு மாற்றினால் 83 வரை ஏறிவிட்டுத்தான் இறங்கும். பிழைக்கு எவ்வளவு பலமாக எதிர்வினை காட்டுவது என்ற பெருக்கம் K-ஐக் குறைத்தால் அது அடங்கும். ஆனால் கதவைத் திறந்து மூடியபின் வெப்பம் மீள நேரமாகும். இலக்கு மாற்றத்தையும் இடையூறையும் தனித்தனியே கையாளும் டூ-டிகிரி-ஆஃப்-ஃப்ரீடம் பிஐடி இந்தச் சிக்கலைத்தான் அவிழ்க்கிறது:

```
u = K*(b*r - y) + I
```

u ஹீட்டருக்குப் போகும் வெளியீடு, r செட்பாயிண்ட், அதாவது இலக்கு வெப்பநிலை, y அளந்த வெப்பநிலை, I பிழையைக் காலப்போக்கில் கூட்டிச் சேர்க்கும் இன்டெக்ரல். b என்பது செட்பாயிண்ட் வெயிட்; அது r-ஐ மட்டும்தான் தொடுகிறது. கதவு திறக்கும்போது r மாறுவதில்லை என்பதால் b என்னவாக இருந்தாலும் மீட்சி ஒன்றுதான். K = 4, இன்டெக்ரல் நேரம் 300 நொடி. b = 1 என்றால் 20 டிகிரி மாற்றத்துக்கு வெளியீடு ஒரேயடியாக 80% துள்ளும்; b = 0.3 என்றால் 24% தான். b = 0.3-இன் பலனைக் கீழே சொல்லும் மாற்று வழியில் பெற்றபோது, ஓவர்ஷூட், அதாவது இலக்கைத் தாண்டும் அளவு, 3 டிகிரியிலிருந்து ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டது. கதவு திறந்து மூடும் வளைகோடுகள் இரண்டையும் மேல்மேல் வைத்துப் பார்த்தேன், அப்படியே பொருந்தின. அந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. 80-ஐ முதலில் தொட 5 நிமிடத்துக்குப் பதில் 12 நிமிடம் ஆகிறது. எனக்கு அது பொருட்டல்ல.

கோபம் வேறு இடத்தில். இதன் நிரலில் I-ஐ 0–100% வரம்புக்குள் பூட்டியிருக்கிறார்கள். b = 1 என்றால் அது சரி, இலக்கில் நிற்கும்போது முதல் உறுப்பு பூஜ்யம். b = 0.3 வைத்து 80-இல் நிற்கும்போது முதல் உறுப்பு 4 × (24 − 80) = −224%. அறைக்கு வேண்டியது 35% என்பதால் I 259% ஆக வேண்டும். 100-இல் பூட்டினால்? என் அறை 46 டிகிரிக்கு அருகில் நின்றுவிட்டது. ஹீட்டர் வெறும் 13%. பிழை 34 டிகிரி. எச்சரிக்கை எதுவும் இல்லை. ஹீட்டர் பழுது என்றுதான் யாருக்கும் தோன்றும். அடையாளம் ஒன்றே: I உச்சவரம்பில் ஒட்டியிருக்கும், மொத்த வெளியீடோ பாதிகூட இருக்காது. பூட்ட வேண்டியது மொத்த வெளியீட்டை, I-ஐ அல்ல. இதைக்கூடச் சோதிக்காமல் விற்பது மன்னிக்க முடியாதது.

மாற்று வழி உண்டு. கன்ட்ரோலரில் b = 1 வைத்துவிட்டு, செட்பாயிண்டை வெளியே வடிகட்டி அனுப்புகிறேன்:

```
f = f + (dt/300)*(r - f)
w = 0.3*r + 0.7*f
```

dt ஒவ்வொரு கணக்குக்கும் இடையிலான நொடிகள், f மெல்ல r-ஐப் பின்தொடரும் மதிப்பு. கன்ட்ரோலருக்கு r-க்குப் பதில் w போகிறது. வெளியீடு 0 அல்லது 100-ஐத் தொடாத வரை b = 0.3 தரும் அதே பலன்தான். இலக்கில் w = r ஆகிவிடுவதால் I 35%-இல் நிற்கும். தொடங்கும்போது f-க்கு அப்போதைய வெப்பநிலையைக் கொடுங்கள். இன்டெக்ரல் நேரத்தை மாற்றினால் அந்த 300-ஐயும் மாற்ற வேண்டும்.

என் அறை இன்றும் இதே கன்ட்ரோலரில்தான் ஓடுகிறது, கழற்றும் எண்ணம் இல்லை. நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். b இல்லாத சாதாரண கன்ட்ரோலரும் அந்த இரண்டு வரியும் போதும்.