ராஜினாமாவா, "புதுப்பிக்க வேண்டாம்" என்ற கடிதமா? சவூதியில் இருந்து ஊர் திரும்பும் முன்

ஆறு வருடம் தம்மாமில் ஒரு பராமரிப்புக் கம்பனியில் எலக்ட்ரீஷியனாக வேலை செய்துவிட்டு 2024 ஜூலையில் களுவாஞ்சிக்குடிக்கு வந்து சேர்ந்தேன். வந்ததில் இருந்து தம்பிமார் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, சேர்விஸ் காசு கேட்டு எப்படிக் கடிதம் எழுதின?" சேர்விஸ் காசு என்றால் வேலை முடிந்து போகும்போது, வேலை செய்த வருடங்களுக்காக முதலாளி தரும் தொகை. எப்படி எழுதுவது என்பதற்கு முன்னால் எந்தக் கடிதத்தை எழுதுவது என்று முடிவெடுக்க வேண்டும். சவூதியில் கம்பனி வேலை செய்கிறவருக்கு ஊர் திரும்ப மூன்று வழி உண்டு. ராஜினாமாக் கடிதம் கொடுக்கலாம். ஒப்பந்தம் முடியும் நாள் வரை நின்று, புதுப்பிக்க விருப்பமில்லை என்று கடிதம் கொடுக்கலாம். லீவில் ஊருக்கு வந்து அப்படியே நின்றுவிடலாம். நான் இரண்டாவது வழியால் வந்தவன். அந்தப் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன்.

மூன்றாவதை முதலில் தள்ளிவிடுகிறேன். திரும்பிப் போகாமல் தொடர்ந்து 15 நாளுக்கு மேல் நின்றால், எழுத்தில் எச்சரித்துவிட்டு சேர்விஸ் காசு இல்லாமலே வேலையை விட்டு நீக்க முதலாளிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த எச்சரிக்கைக் கடிதம் தம்மாமில் கிடக்கும், நாம் இங்கே கிடப்போம். இதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ராஜினாமாவுக்கும் புதுப்பிக்க மறுப்பதற்கும் இடையில்தான் பெரிய காசு போகிறது. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: "நான் வீட்டுக்குப் போகிறேன்" என்ற கடிதம். சவூதித் தொழிற்சட்டத்துக்கு இரண்டும் வேறு. முழுச் சேர்விஸ் காசு 84ஆம் பிரிவில் இருக்கிறது: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். ஒப்பந்தக் காலம் முடிந்து போகிறவருக்கு இது முழுதாக வரும். 85ஆம் பிரிவு ராஜினாமா கொடுத்தவருக்கானது. இரண்டு வருடம் ஆகாவிட்டால் ஒன்றுமில்லை. இரண்டில் இருந்து ஐந்து வருடம் வரை மூன்றில் ஒரு பங்கு, ஐந்தில் இருந்து பத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு. பத்து வருடம் ஆனால் ராஜினாமா கொடுத்தாலும் முழுதும் கிடைக்கும்.

என் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். 2018 ஜூலை 1இல் சேர்ந்தேன். இரண்டிரண்டு வருட ஒப்பந்தம், மூன்றாவது 2024 ஜூன் 30இல் முடிவு. அடிப்படைச் சம்பளம் 1,500 ரியால், சாப்பாட்டுக் காசு 300, மாதம் 1,800. அந்த வருடம் தை மாதம் அம்மாவுக்குச் சுகமில்லை என்று வீட்டில் இருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. ஜனவரி முடிவில் ராஜினாமா கொடுத்திருந்தால் என் சேவை ஐந்து வருடம் ஏழு மாதம். முதல் ஐந்து வருடத்துக்கு 4,500, மேல் ஏழு மாதத்துக்கு 1,050, கூட்டினால் 5,550. அதில் மூன்றில் இரண்டு என்றால் 3,700 ரியால்தான் கைக்கு வரும். ஜூன் முடியும் வரை நின்றதால் 4,500உம் ஆறாவது வருடத்துக்கு 1,800உம் சேர்ந்து 6,300. ஐந்து மாத இடைவெளிக்கு 2,600 ரியால் வித்தியாசம். அந்த ஐந்து மாதச் சம்பளம் வேறு. தங்கச்சி அம்மாவைப் பார்த்துக்கொள்ள, மருந்துக்கு நான் காசு அனுப்பினேன். அப்படி ஆள் இல்லாதவருக்கு இந்தக் கணக்கைக் காட்டி "நில்" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

என் அறையில் இருந்த பாண்டிருப்புத் தம்பி ஒருவன், அதே 1,800 சம்பளம். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு நேர்த்தி வைத்திருந்தான். மூன்று வருடம் எட்டு மாதத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்தான். முழுக் கணக்கு 3,300 வரவேண்டியது, மூன்றில் ஒரு பங்காக 1,100 கொடுத்தார்கள். இன்னும் நான்கு மாதத்தில் அவனுக்கு ஒப்பந்தம் முடிந்திருக்கும், 3,600 முழுதாகக் கிடைத்திருக்கும். லீவு கேட்டு வந்து நேர்த்தியை முடித்துவிட்டுத் திரும்பப் போயிருக்கலாம். அந்தக் கணக்கு எங்கள் ஒருவருக்கும் அப்போது தெரியாது.

டிக்கெட்டும் இதோடு சேர்ந்தது. 40ஆம் பிரிவின்படி வேலை உறவு முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் முதலாளி பொறுப்பு. ஆனால் நியாயமான காரணம் இல்லாமல் இடையில் போகிறேன் என்றால் அது நம் தலையில் விழும். ஒப்பந்தம் முடிந்து போகிறவரிடம் இந்தப் பேச்சே எழாது.

இப்போது நான் அதிகம் சொல்ல வேண்டிய இடம்: தேதி. புதுப்பிக்க மறுப்பதற்கு ஒரு கடைசி நாள் உண்டு, அது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். என்னுடையதில் 60 நாள். ஜூன் 30இல் இருந்து பின்னோக்கி எண்ணினால் மே 1. அந்த நாளைத் தவறவிட்டால் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் எந்தக் கடிதமும் ராஜினாமாதான், எவ்வளவு நல்ல வார்த்தையில் எழுதினாலும். நம்மவர்கள் பலர் வதிவிட அனுமதியான இகாமா முடியும் தேதியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இகாமாத் தேதி வேறு, ஒப்பந்தத் தேதி வேறு. சவூதித் தொழில் அமைச்சின் இணையத்தளமான Qiwaவில் உங்கள் கணக்கைத் திறந்தால் ஒப்பந்தம் இருக்கும், அதில் தொடங்கிய நாளும் முடியும் நாளும் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணுங்கள். நான் நோன்புப் பெருநாள் லீவுக்கு அலுவலகம் மூடுவதற்கு முன்பே, ஏப்ரல் 3இல் கடிதத்தைக் கொண்டுபோனேன்.

அங்கேதான் ஆபத்து வந்தது. ஆளணிப் பிரிவில் இருந்தவர் என் கடிதத்தைப் படித்தும் பார்க்காமல் மேசைக்குள் இருந்து ஒரு அச்சடித்த படிவத்தை எடுத்து நீட்டினார். முழுக்க அரபு. பெயர், இகாமா இலக்கம், கையெழுத்து வைக்க ஒரு கோடு. போகிற எல்லாரும் இதைத்தான் நிரப்புவார்கள் என்றார். நான் பேனாவையும் எடுத்துவிட்டேன். கூட வந்த சம்மாந்துறைக் காக்கா மத்ரஸாவில் ஓதினவர். தலைப்பில் விரலை வைத்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கையெழுத்து வைக்காத. இது இஸ்திகாலா. நீயா விட்டுட்டுப் போறாய் எண்டு இருக்கு." இஸ்திகாலா என்றால் ராஜினாமா. அந்த ஒரு கையெழுத்தில் என் 6,300, 4,200 ஆகியிருக்கும். எங்களுக்கு வேண்டியது "அதம் தஜ்தீத்", புதுப்பிக்காமை. இந்த இரண்டு சொல்லையும் கேட்டுக் கேட்டு நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். படிவம் வாசிக்கத் தெரியாவிட்டால் வாசிக்கத் தெரிந்தவர் வரும் வரை பேனாவை எடுக்க வேண்டாம்.

நான் கொடுத்த கடிதம் அரபிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"எனது ஒப்பந்தம் 30.06.2024 அன்று முடிகிறது. அதை மேலும் புதுப்பிக்க நான் விரும்பவில்லை. ஒப்பந்தத்தில் உள்ள 60 நாள் முன்னறிவித்தலாக இக்கடிதத்தை ஏற்றுக்கொள்ளவும். முடிவுத் தேதி வரை வழமைபோல் வேலை செய்வேன். 01.07.2018 முதல் 30.06.2024 வரையான சேவைக்குத் தொழிற்சட்டம் 84ஆம் பிரிவின்படி 6,300 ரியால், எடுக்காத 30 நாள் லீவுக்கு 1,800 ரியால், ஜூன் மாதச் சம்பளம் 1,800 ரியால், மொத்தம் 9,900 ரியாலை 88ஆம் பிரிவில் சொன்ன ஒரு வாரத்துக்குள் வங்கிக் கணக்கில் இட்டு, கொழும்புக்கான டிக்கெட்டும் ஃபைனல் எக்ஸிட்டும் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ராஜினாமா என்ற சொல் எங்கும் இல்லை. கஷ்டம், குடும்பம், அம்மாவின் நோய் ஒன்றும் இல்லை. காரணம் எழுத எழுத, "இவராகத்தான் போகிறார்" என்று காட்டும் கடிதமாக அது மாறிவிடும். ஒப்பந்தம் முடிகிறது என்பதே போதுமான காரணம். இரண்டு பிரதி கொண்டுபோனேன். ஒன்றில் முத்திரை வைக்க அவர் மறுத்தார். அன்று இரவே அதைப் படம் எடுத்து அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். பிறகு அவர்கள் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தொகையை ஏன் கடிதத்திலேயே எழுதினேன் என்றால், ஜூன் கடைசியில் அவர்கள் காட்டிய கணக்கில் சேர்விஸ் காசு 5,250 என்று இருந்தது. 6,300இல் இருந்து 1,050 குறைவு. கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு வகுத்துப் பார்த்தால் தெரிந்தது: 1,500ஐ வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், சாப்பாட்டுக் காசை விட்டுவிட்டார்கள். சவூதியில் அடிப்படைச் சம்பளத்தோடு மாதாமாதம் நிலையாக வரும் படியும் சேர்ந்ததுதான் கணக்குக்கு எடுக்கும் சம்பளம். (கட்டாரில் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு, அங்கே இருக்கிறவர்கள் இதைக் கொண்டுபோய்ச் சண்டை பிடிக்க வேண்டாம்.) வங்கிக்கு வந்த ஆறு மாதச் சம்பள விபரத்தை எடுத்துக் காட்டினேன். திருத்திக் கொடுத்தார்கள்.

கடைசித் தாள் "முகாலஸா". எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வைப்பது. காசு வர முன்னமே அதைக் கேட்டார்கள், விமானத் திகதியைச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். நான் வைக்கவில்லை. ஒரு வாரத்தில் வரவேண்டிய காசு ஜூலை 10இல் வந்தது. வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு, வந்த தொகையைத் தாளில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

ராஜினாமாவை முழுதாகக் கழிக்கவும் கூடாது. பத்து வருடம் கடந்தவருக்குச் சேர்விஸ் காசில் வித்தியாசமே இல்லை. ஒப்பந்தம் முடிய ஒன்றரை வருடம் கிடக்கும்போது வீட்டில் பெரிய காரியம் நடந்தால் யாரும் கணக்குப் பார்த்து நிற்க முடியாது. திருமணமாகி ஆறு மாதத்துக்குள், அல்லது பிள்ளை பிறந்து மூன்று மாதத்துக்குள் விலகும் பெண்ணுக்கு 87ஆம் பிரிவு முழுக் காசும் கொடுக்கிறது. 2025 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, ராஜினாமாவுக்கு முதலாளி 30 நாள் பதில் சொல்லாவிட்டால் ஏற்றதாகவே கணக்கு. நான் அதற்கு முன் வந்தவன், அது நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்பதை அண்மையில் வந்தவர்களிடம் கேளுங்கள்.

சம்பளமே மாதக்கணக்காக வராதவர் இந்த இரண்டில் எதையும் எழுத வேண்டாம். முதலாளி தன் கடமையைச் செய்யாதபோது உரிமை குறையாமல் வெளியேற 81ஆம் பிரிவு இருக்கிறது, ரியாத் தூதரகத்திலோ ஜித்தா துணைத்தூதரகத்திலோ கேட்டுக்கொண்டு அந்த வழியால் போக வேண்டும். வீட்டு வேலைக்கும் வீட்டு டிரைவராகவும் போனவர்களுக்கு வேறு விதிகள், மேலே போட்ட கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

ஊருக்கு வந்த பிறகும் பாக்கி இருந்தால் வேலை முடிந்த நாளில் இருந்து 12 மாதத்துக்குள் முறைப்பாடு வைக்க வேண்டும். அந்தப் பாண்டிருப்புத் தம்பிக்கு வைக்க முறைப்பாடு இல்லை, கம்பனி சட்டப்படிதான் கொடுத்திருக்கிறது. இப்போது அவன் மச்சான் ஜுபைலில் இருக்கிறான். மச்சானுடைய ஒப்பந்தப் படத்தைத் தம்பி வாங்கி முன்னறிவித்தல் நாளை எண்ணி, வீட்டுக் கலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.